காவலர் சான்றிதழும் தீப் பாதுகாப்புச் சான்றிதழும்: எத்தனை மணி நேரப் பயிற்சி, எப்போது காலாவதி?

செக்யூரிட்டி வேலைக்குச் சான்றிதழ் வேண்டும் என்று தேடத் தொடங்கியவருக்கு முதல் அரை மணி நேரத்திலேயே தலை சுற்றிவிடும். ஒரு விளம்பரம் 160 மணி நேரப் பயிற்சி கட்டாயம் என்கிறது. இன்னொன்று 8 மணி நேரம் போதும் என்கிறது. ஒரு சான்றிதழ் வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்கிறார்கள், வேறொன்றை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். இடையில் ஃபயர் சான்றிதழும் சேர்ந்துகொண்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

இவற்றில் பெரும்பாலானவை பொய்யல்ல. ஒவ்வொன்றும் வேறொரு தாளைப் பற்றியது, சில சமயம் வேறொரு நாட்டைப் பற்றியது. எந்தத் தாள் யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதி ஆகிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும். இந்தியாவின் முறையையும் நியூயார்க்கின் முறையையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகின்றன என்பதால் ஒன்றை வைத்து மற்றொன்றைப் புரிந்துகொள்வது எளிது.

## முதலில், எத்தனை தாள்கள்?

"சான்றிதழ்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் நான்கு தனித்தனி ஆவணங்கள்.

1. பயிற்சிச் சான்றிதழ். இன்னார் இத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி அடைந்தார் என்று பயிற்சி நிலையம் தருவது. நபரின் பெயரில் இருக்கும்.
2. பதிவு அட்டை அல்லது தனிநபர் உரிமம். இவர் காவலராக வேலை செய்யலாம் என்று அரசு தருவது. சில நாடுகளில் உண்டு, சிலவற்றில் இல்லை.
3. ஏஜென்சி உரிமம். காவலர்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு அரசு தருவது. இதில் காவலரின் பெயரே இருக்காது.
4. தீப் பாதுகாப்புத் தகுதிச் சான்று. தீத் தடுப்பு, தீக் கண்காணிப்பு, கட்டடத்திலிருந்து மக்களை வெளியேற்றுவது போன்ற பொறுப்புகளுக்கு உரியது. பெரும்பாலும் இரண்டாவதையும் மூன்றாவதையும் தருகிற துறைக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு துறை தருவது.

இந்தியாவில் அதிகம் குழம்புவது முதலாவதும் மூன்றாவதும்தான். "பசாரா சான்றிதழ் இருக்கா?" என்று காவலரிடம் கேட்பவர்கள் உண்டு. பசாரா என்பது தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த 2005-ல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் சுருக்கப் பெயர். அந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்க வேண்டியது ஏஜென்சி. காவலரிடம் இருக்க வேண்டியது, அதே சட்டம் கேட்கும் பயிற்சியை முடித்ததற்கான சான்றிதழ். ஆகவே ஒரு ஏஜென்சி தன் பசாரா உரிமத்தின் நகலை நீட்டி, "எங்கள் ஆட்கள் எல்லோரும் சான்றிதழ் பெற்றவர்கள்" என்று சொன்னால், கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று பொருள்.

## இந்தியா: தொடக்கத்தில் 160 மணி நேரம்

2005-ம் ஆண்டுச் சட்டம், காவலராகச் சேர்பவர் இந்தியக் குடிமகனாகவோ மத்திய அரசு அறிவிக்கும் வேறு நாட்டின் குடிமகனாகவோ இருக்க வேண்டும், 18 வயது நிறைந்து 65 வயதை எட்டாதவராக இருக்க வேண்டும், விதிக்கப்பட்ட பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்கிறது. எத்தனை மணி நேரம் என்பதைச் சொல்வது விதிகள். மத்திய அரசு 2006-ல் மாதிரி விதிகளை வெளியிட்டது. அவற்றை ஒட்டி மாநிலங்கள் தத்தம் விதிகளை வகுத்துக்கொள்கின்றன.

மாதிரி விதிகளின்படி புதிதாகச் சேர்பவருக்கு 100 மணி நேர வகுப்பறைப் பயிற்சி, 60 மணி நேரக் களப் பயிற்சி. இரண்டும் சேர்ந்து குறைந்தது 20 வேலை நாட்களில் பரவியிருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் முன்னாள் காவல்துறையினருக்கும் 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களம், குறைந்தது 7 வேலை நாட்கள்.

இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். 160-ஐ 20-ஆல் வகுத்தால் நாளுக்கு 8 மணி நேரம். 56-ஐ 7-ஆல் வகுத்தாலும் 8. அதாவது விதியை எழுதியவர்கள் முழு நாள் பயிற்சியை மனதில் வைத்து, அதற்குமேல் சுருக்க முடியாதபடி நாட்களையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். மணி நேரத்தை மட்டும் சொல்லியிருந்தால் இரவு பகலாக உட்கார வைத்து ஒரு வாரத்தில் முடித்தோம் என்று கணக்குக் காட்ட வழி இருந்திருக்கும். நாட்களின் எண்ணிக்கை அந்த வழியை அடைக்கிறது.

பாடத்திட்டமும் நீளமானது. பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை, உடல் தகுதி, கட்டடப் பாதுகாப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துதல், அடையாள ஆவணங்களைச் சரிபார்த்தல், வெடிபொருளை அடையாளம் காணுதல், முதலுதவி, தற்காப்பு உரிமை பற்றிய சட்ட அறிவு என்று போகிறது. தீயணைப்பும் அதில் ஒன்று. இந்த "ஒன்று" என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இந்தப் பயிற்சியை எப்போது புதுப்பிக்க வேண்டும்? மாதிரி விதிகள் பயிற்சியை வேலையில் சேர்வதற்கான நிபந்தனையாகத்தான் வைத்திருக்கின்றன. இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை இத்தனை மணி நேரம் மறுபயிற்சி என்று நியூயார்க்கில் இருப்பதுபோல் மணிக்கணக்கு அவற்றில் இல்லை. "வாழ்நாள் சான்றிதழ்" என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் காவலரைச் சுற்றி வேறு மூன்று காலக்கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

1. உடல்தகுதி: 12 மாதம். முந்தைய பரிசோதனையிலிருந்து ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மருத்துவப் பரிசோதனை நடப்பதை ஏஜென்சி உறுதிசெய்ய வேண்டும். சேரும்போது இருந்த உடல்தகுதி தொடர்கிறதா என்று பார்ப்பதே நோக்கம்.
2. நடத்தைச் சான்று: 3 ஆண்டு. காவலரின் பின்னணி குறித்து வழங்கப்படும் சான்று மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும்.
3. ஏஜென்சி உரிமம்: 5 ஆண்டு. முடிவதற்குக் குறைந்தது 45 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பர் 31-ல் முடிகிற உரிமம் என்றால் நவம்பர் 16-க்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

மூன்றாவதைக் காவலர்கள் பொதுவாகக் கண்டுகொள்வதில்லை. ஏஜென்சியின் உரிமம் காலாவதி ஆனால் காவலரின் பயிற்சிச் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உரிமம் இல்லாமல் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துவது சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. தகுதியான காவலர் தகுதியில்லாத நிறுவனத்தின் சீருடையில் நிற்கிறார் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

## நியூயார்க்: சிறிது சிறிதாக, ஆனால் நிற்காமல்

நியூயார்க் மாநிலம் 1992-ல் கொண்டுவந்த காவலர் சட்டம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. அங்கே காவலர் பெயரிலேயே அரசு ஒரு பதிவு அட்டை தருகிறது. பயிற்சி மூன்று படிகளாகப் பிரிகிறது.

1. வேலைக்குப் போவதற்கு முன் 8 மணி நேர வகுப்பு.
2. வேலையில் சேர்ந்த 90 நாட்களுக்குள் 16 மணி நேரப் பணியிடப் பயிற்சி.
3. அதன்பின் ஆண்டுதோறும் 8 மணி நேரம்.

துப்பாக்கி ஏந்தும் காவலர் என்றால் இவற்றுக்கு மேல் 47 மணி நேரத் துப்பாக்கிப் பயிற்சி, பிறகு அதற்கும் ஆண்டுதோறும் 8 மணி நேரம். பதிவு அட்டை இரண்டு ஆண்டுக்குச் செல்லும்.

இரண்டு முறைகளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. நியூயார்க் காவலரின் முதல் இரண்டு படிகள் 24 மணி நேரம். இந்தியாவின் 160-ஐ எட்ட இன்னும் 136 மணி நேரம் வேண்டும். ஆண்டுக்கு 8 என்றால் அதற்கு 17 ஆண்டு ஆகும். இந்திய விதி முதல் நாளுக்கு முன்பே கேட்பதை நியூயார்க் ஒரு காவலரின் பணிக்காலம் நெடுகப் பரப்பி வைக்கிறது.

எது மேல்? மணி நேரத்தை மட்டும் பார்த்தால் இந்திய விதி கண்டிப்பானது. ஆனால் பயிற்சி என்பது மறந்துபோகிற பொருள். மயங்கிக் கிடப்பவருக்கு மார்பழுத்தம் கொடுப்பது, தீயணைப்பானின் ஊசியை இழுத்துத் தீயின் அடிப்பகுதியைக் குறிவைப்பது போன்றவை கையால் செய்து பழக வேண்டியவை. செய்யாமல் விட்டால் மாதக்கணக்கிலேயே தடுமாற்றம் வரும். பத்து ஆண்டுக்கு முன் 160 மணி நேரம் முடித்தவரைவிட, போன மாதம் 8 மணி நேரம் செய்து பார்த்தவர் அந்தக் கணத்தில் வேகமாகச் செயல்படுவார். நியூயார்க் முறையின் பலவீனம் தொடக்கத்தில் இருக்கிறது. ஒரே ஒரு நாள் வகுப்பு முடித்தவர் வாசலில் தனியாக நிற்கலாம். இந்திய முறையின் பலவீனம் தொடர்ச்சியில் இருக்கிறது. என் பார்வையில் இரண்டாவது பலவீனம் ஆபத்தானது, ஏனென்றால் அது தாளில் தெரிவதே இல்லை. சான்றிதழ் புதிதாகவே இருக்கும், கை மறந்திருக்கும்.

பிரிட்டனும் இதே முடிவுக்கு அண்மையில் வந்திருக்கிறது. அங்கே காவலருக்கான தனிநபர் உரிமம் மூன்று ஆண்டுக்கு வழங்கப்படுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் மறுபயிற்சியில் தேர்ச்சி பெற்ற பிறகே புதுப்பிக்க முடியும்.

## தீப் பாதுகாப்பு ஏன் தனித் தாள்?

காவலர் பயிற்சியில் தீயணைப்பு ஒரு பாடம் என்று பார்த்தோம். அந்தப் பாடம் காவலருக்குத் தருவது முதல் சில நிமிடங்களுக்கான அறிவு. அலாரத்தை அடிப்பது, தகவல் சொல்வது, சிறிய தீ என்றால் கருவியால் அணைப்பது, ஆட்களை வெளியே அனுப்புவது. தீப் பாதுகாப்பு அலுவலரின் வேலை வேறு வகை. கட்டடத்தில் எந்த வால்வு எதை அடைக்கும், எந்தப் படிக்கட்டில் புகை ஏறாது, தீயணைப்பு வண்டி வந்தால் எந்தப் பம்பைக் காட்ட வேண்டும், ஒத்திகையை எப்படி நடத்துவது என்பதெல்லாம் அவருடைய பொறுப்பு. காவலர் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒருவரை ஃபயர் ஆபீசர் என்று எழுதிவைப்பது இதனால்தான் தவறு.

இந்தியாவில் தீயணைப்பு மாநிலங்களும் உள்ளாட்சிகளும் பார்க்கும் துறை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ன் நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆனால் அது பரிந்துரைத் தொகுப்பு. மாநில விதியில் ஏற்றுக்கொள்ளப்படும்போதுதான் கட்டாயமாகிறது. ஃபயர் ஆபீசரின் தகுதி பொதுவாகப் படிப்பாகவும் அனுபவமாகவும் கேட்கப்படுகிறது. நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புக் கல்லூரியின் படிப்புகள் இதற்குப் பரவலாக மதிக்கப்படுபவை. படிப்பு என்பதால் டிப்ளமோ காலாவதி ஆவதில்லை. காலாவதி ஆவது கட்டடத்தின் தீப் பாதுகாப்பு அனுமதி. அது அலுவலரின் பெயரில் இல்லை, கட்டடத்தின் பெயரில் இருக்கிறது.

நியூயார்க் நகரில் நிலைமை வேறு. காவலர் அட்டையைத் தருவது மாநில அரசு. தீப் பாதுகாப்புக்கான தகுதிச் சான்றைத் தருவது நகரத்தின் தீயணைப்புத் துறை. ஒன்று இருந்தால் மற்றொன்று இருப்பதாக ஆகாது. தகுதிச் சான்று மூன்று ஆண்டுக்குச் செல்லும். காலாவதி ஆகி ஓராண்டுக்கு மேல் போய்விட்டால் புதுப்பிக்க முடியாது, மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

அதிலும் இரண்டு வகை உண்டு. சில சான்றுகள் நகரம் முழுக்கச் செல்லும். சில சான்றுகள் குறிப்பிட்ட ஒரு முகவரிக்கு மட்டும் உரியவை. வேலை மாறினால் பழைய முகவரிச் சான்று புதிய கட்டடத்தில் செல்லாது. பெரிய கட்டடங்களின் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு இயக்குநர் பதவிக்கு வருபவர் அங்கீகரிக்கப்பட்ட பாடத்தை முடித்து, எழுத்துத் தேர்வில் தேறி, அதற்குப் பிறகு தான் பொறுப்பேற்கப் போகும் அதே கட்டடத்தில் நேர்முகத் தேர்வையும் கடக்க வேண்டும். வகுப்பில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும், இந்தக் கட்டடத்தின் அலாரப் பலகை முன்னால் நின்று விளக்கத் தெரியாவிட்டால் பயனில்லை. மணிக்கணக்கால் அளக்க முடியாத ஒன்றை அளக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இது. மற்ற ஊர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய வழி என்றே நினைக்கிறேன்.

நகரம் முழுக்கச் செல்லும் சான்றுக்கு எடுத்துக்காட்டு எஃப்-01. ஸ்பிரிங்க்ளரோ அலாரமோ பழுதாகிக் கிடக்கும்போது அந்தக் கட்டடத்தைக் கண்காணிக்கும் தீக் காவலருக்கு இது வேண்டும். அவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் இதற்கு ஏன் தனிச் சான்று என்பது புரியும். ஸ்பிரிங்க்ளர் குழாயைச் சரிசெய்யத் தண்ணீரை அடைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் தீப்பிடித்தால் கட்டடம் தானாகத் தன்னைக் காத்துக்கொள்ளாது. ஆகவே ஒரு மனிதர் மணிக்கு ஒருமுறையாவது தன் பகுதி முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் 50,000 சதுர அடி. ஒவ்வொரு சுற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியேறும் வழியில் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால் அகற்றச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. வாசலில் வருவோரைப் பதிவு செய்யும் காவலரையே "இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று அனுப்பினால் இரண்டு வேலையும் நடக்காது.

பிரிட்டன் இதில் மூன்றாவது வழியில் போகிறது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2005-ம் ஆண்டின் தீப் பாதுகாப்பு ஆணை, ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும், அவர் அபாய மதிப்பீடு செய்து போதிய பயிற்சி கொடுக்க வேண்டும் என்கிறது. இத்தனை மணி நேரம் என்ற எண்ணிக்கை அதில் இல்லை. போதுமானதா என்பதைக் கட்டடமும் அபாயமும் தீர்மானிக்கின்றன.

## ஒரு காவலரின் நாட்காட்டி

நியூயார்க்கில் ஒரு காவலருக்கு இந்தத் தேதிகள் எப்படி ஓடுகின்றன என்று ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம்.

1. 8 மணி நேர வகுப்பை முடித்த அவருக்கு 2023 மார்ச் 10-ல் பதிவு அட்டை கிடைக்கிறது. அது 2025 மார்ச் 10 வரை.
2. மார்ச் 20-ல் வேலையில் சேர்கிறார். 90 நாள் என்றால் ஜூன் 18. அதற்குள் 16 மணி நேரப் பயிற்சி முடிய வேண்டும். ஜூன் 1-ல் முடித்துவிடுகிறார்.
3. கட்டடத்தில் பழுதுபார்ப்பு தொடங்குவதால் ஜூன் 5-ல் எஃப்-01 தேர்வில் தேறிச் சான்று பெறுகிறார். அது 2026 ஜூன் 5 வரை.
4. அப்புறம் 2024-ல் 8 மணி நேர ஆண்டுப் பயிற்சி வருகிறது, 2025-லும் வருகிறது.

இப்போது அவர் கையில் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று மூன்று கெடுக்கள் இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு மாதங்களில் முடிகின்றன. தவறு நடப்பது எங்கே என்றால், 2025 மார்ச்சில் அட்டையைப் புதுப்பித்ததும் "எல்லாம் முடிந்தது" என்று நினைத்துவிடுவதில்தான். அந்தப் புதுப்பிப்புக்கும் எஃப்-01-க்கும் தொடர்பில்லை. 2026 ஜூன் 6 அன்று அவர் முழுமையான காவலர், ஆனால் தீக் காவலர் அல்ல. அன்றிரவு ஸ்பிரிங்க்ளர் அடைக்கப்பட்டால் அவரைக் கண்காணிப்புக்கு நிறுத்த முடியாது. 2027 ஜூன் 5-ஐயும் தவறவிட்டால் மறுபடி தேர்விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதே ஆள் இந்தியாவில் இருந்தால் பயிற்சி ஒரே முறை, ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை, மூன்றாம் ஆண்டு நடத்தைச் சான்று என்று கணக்கு மாறும். கெடுவைக் கவனிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவரிடமிருந்து ஏஜென்சிக்குப் போய்விடும்.

## தாளைக் கையில் வாங்கினால் எங்கே பார்ப்பது?

பயிற்சிச் சான்றிதழ் என்றால் முதலில் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் பாருங்கள். இந்தியாவில் முன் அனுபவம் இல்லாதவருக்கு 160 மணி நேரம் என்று அச்சிட்டு, தேதிகளுக்கு இடையே மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் அந்தப் பயிற்சி விதிப்படி நடக்கவில்லை. 20 வேலை நாள் என்பது ஞாயிறு விடுமுறையோடு சேர்த்தால் மூன்று வாரத்துக்கு மேல். தொடக்கத் தேதியே இல்லாமல் வழங்கிய தேதி மட்டும் இருந்தால், பயிற்சி நிலையத்தின் வருகைப் பதிவைக் கேளுங்கள். பணியில் சேர்ந்த தேதிக்குப் பிந்தைய தேதியில் பயிற்சி முடிந்திருந்தால், இடைப்பட்ட நாட்களில் பயிற்சி இல்லாத ஆளைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

ஏஜென்சி உரிமத்தில் முடிவுத் தேதியோடு எந்த மாவட்டங்களுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரை, மாநிலம் முழுமைக்கும் என்று உரிமக் கட்டணமே தனித்தனியாக இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துக்கு மட்டும் உரிமம் வாங்கிய நிறுவனம் இங்கே ஆள் அனுப்பினால், தேதி சரியாக இருந்தும் அந்தத் தாள் இந்த இடத்துக்குச் செல்லாது.

தீப் பாதுகாப்புச் சான்றில் பார்க்க வேண்டியது முகவரி. முகவரி குறிக்கப்பட்டிருந்தால் அது உங்கள் கட்டடத்தின் முகவரியா என்று ஒப்பிடுங்கள். குறிக்கப்படவில்லை என்றால், அவரை அலாரப் பலகைக்கு அழைத்துப்போய் எந்த விளக்கு எந்தத் தளம், தண்ணீர்ப் பம்பு நின்றுபோனால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவருக்குச் சான்றிதழில் எத்தனை மணி நேரம் எழுதியிருந்தாலும், அவரை அந்தப் பணியில் நிறுத்துவதற்கு முன் கட்டடத்தைத் தளம் தளமாகச் சுற்றிக்காட்ட ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும்.